'வந்தாச்சு' என்று ஒரு மெசேஜ்: பெற்றோரிடம் ஒரே தடவை கேட்பது எப்படி

"அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் விமானத்தில் நீண்ட பயணம் போகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்னால் 'நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா' என்று அப்பாவுக்குக் கோபம் வருகிறது. நச்சரிக்காமல் எப்படிக் கேட்பது?"

ஒரே ஒரு தடவை கேளுங்கள். கிளம்புகிற அன்றைக்கு வேண்டாம், இரண்டு மூன்று நாள் முன்னால், பெட்டி கட்டும் பரபரப்பு இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அந்த ஒரு தடவையில் மூன்று விஷயம் தெளிவாகிவிட வேண்டும்: எந்தக் கட்டத்தில் அனுப்ப வேண்டும், என்ன அனுப்ப வேண்டும், வராவிட்டால் நீங்கள் எவ்வளவு நேரம் சும்மா இருப்பீர்கள். மூன்றாவதை யாரும் பேசிக்கொள்வதே இல்லை. நச்சரிப்பு தொடங்குவதே அங்கேதான்.

நான் பயண ஏற்பாட்டு வேலையில் இருப்பவன். "அம்மா அப்பா இறங்கிட்டாங்களா, போன் எடுக்கவே மாட்டேங்கறாங்க" என்று பதறிக்கொண்டு வரும் அழைப்புகள் எனக்குப் பழகிப்போனவை. விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். அவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள். பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது போனில் நெட் இருக்காது, அல்லது அறைக்குப் போன கையோடு அசந்து தூங்கியிருப்பார்கள். பிள்ளை இங்கே உட்கார்ந்து இருபது தடவை கூப்பிட்டிருக்கும். மறுநாள் அதைப் பார்த்துவிட்டு அவர்கள் பயப்பட, அப்புறம் இரண்டு பக்கமும் கோபம்.

முதலில் அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது.

நீங்கள் "போய்ச் சேர்ந்ததும்" என்று சொல்லும்போது உங்கள் மனதில் இருப்பது விமானம் தரையிறங்குவது. அப்பாவைப் பொறுத்தவரை சேர்வது என்றால் அறைக்குள் போய்ச் செருப்பைக் கழற்றுவது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும், நீங்கள் தவிப்பது அந்த இடைவெளியில்தான். அதோடு, தரையிறங்கும் நேரம் மெசேஜ் அனுப்புவதற்குக் கொஞ்சமும் தோதான நேரம் இல்லை. போன் ஏரோபிளேன் மோடில் இருக்கிறது, மேலே இருக்கும் பையை யாரோ இழுக்கிறார்கள், பின்னால் இருப்பவர் அவசரப்படுகிறார், அம்மா கண்ணாடியைத் தேடுகிறார், பாஸ்போர்ட் எந்தப் பையில் என்று இரண்டு பேருக்கும் சின்ன வாக்குவாதம். அந்த நேரத்தில் உங்கள் ஞாபகம் வராமல் போனதற்குப் பாசக் குறைவு காரணம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

விமானம் இறங்கியதா என்று தெரிந்துகொள்ள அவர்கள் தேவையே இல்லை. விமான எண்ணையும் தேதியையும் வைத்துக்கொண்டு விமான நிறுவனத்தின் தளத்திலோ Flightradar24 மாதிரி ஒரு தளத்திலோ பார்த்தால், எத்தனை மணிக்குத் தரை தொட்டது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். ஆக, பயணத்தின் பெரிய பகுதியைப் பற்றிய கவலையை அவர்கள் தலையில் கட்டாமலேயே முடித்துவிட்டீர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது எந்தத் தளத்திலும் தெரியாத ஒன்றை மட்டும்: தங்குமிடத்துக்குள் போய்விட்டார்களா.

அதையும் ஒரு நேரத்தோடு கட்டாதீர்கள், ஒரு செயலோடு கட்டுங்கள். "பத்தரை மணிக்கு அனுப்புங்க" என்றால் அவர்களே கடிகாரத்தைப் பார்த்து நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்; களைத்துப்போன நேரத்தில், அதுவும் நேரமே மாறிப்போன ஊரில், அது நடக்காது. "ரூமுக்குப் போய் போனைச் சார்ஜில் போடும்போது" என்றால் சார்ஜர் வயரே ஞாபகப்படுத்திவிடும், போனும் அப்போது கையிலேயே இருக்கும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விஷயத்தில் பேர்போனது: ஒன்றைச் செய்ய வேண்டும் என்று பொதுவாக நினைத்துக்கொள்பவர்களைவிட, "இது நடக்கும்போது அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது அதன் சாரம். சார்ஜர்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மா எங்கே போனாலும் முதல் வேலையாக மாத்திரை டப்பாவை எடுத்து மேஜையில் வைப்பவராக இருந்தால் அதோடு கட்டுங்கள். அவர்கள் கட்டாயம் செய்கிற, போன் பக்கத்தில் இருக்கிற ஒரு வேலை, அவ்வளவுதான் தேவை.

அடுத்தது, என்ன அனுப்புவது. ஒரு வார்த்தை. "வந்தாச்சு." அதுகூட டைப் அடிக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குக் கட்டைவிரல் எமோஜி. குரல் பதிவு அனுப்பத்தான் பிடிக்கும் என்றால் இரண்டு நொடிக் குரல். போட்டோ கேட்காதீர்கள், அறை எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், சாப்பிட்டீர்களா என்பதையும் இதோடு சேர்க்காதீர்கள். மெசேஜ் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சீக்கிரம் வரும். ஒழுங்காக நாலு வரி எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டால் "அப்புறமா உட்கார்ந்து எழுதலாம்" என்று தள்ளிப்போகும், அப்படியே தூங்கியும் போவார்கள்.

யார் அனுப்புவது என்பதையும் பேர் சொல்லி முடிவு பண்ணுங்கள். இரண்டு பேரிடமும் பொதுவாகச் சொன்னால் அம்மா அனுப்பியிருப்பார் என்று அப்பாவும், அப்பா அனுப்பியிருப்பார் என்று அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவார்கள். போனை அதிகம் நோண்டுகிறவர் யாரோ அவரிடம் கொடுங்கள். கோபம் வருகிறவரிடம் போய் இந்தப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டிய அவசியம் இல்லை. அதேபோல யாருக்கு அனுப்புவது என்பதும் ஒரே ஆளாக இருக்கட்டும். நீங்கள், அக்கா, தம்பி மூன்று பேரும் தனித்தனியாகக் கேட்டால் அவர்கள் பார்வையில் அது மூன்று பேர் நச்சரிப்பதுதான். ஒருவருக்கு வரட்டும், அவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

கேட்கிற விதம். அப்பாவுக்குக் கோபம் வருவது மெசேஜைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். "தண்ணி குடிங்க, பாஸ்போர்ட்டைப் பத்திரமா வைங்க, யார்கிட்டயும் பையைக் குடுக்காதீங்க, போனதும் மெசேஜ் போடுங்க" என்று பத்து அறிவுரைகளோடு பதினொன்றாக இது போய் விழுகிறது. இத்தனை வருஷம் அவர் உங்களுக்குச் சொன்னதையெல்லாம் இப்போது நீங்கள் அவருக்குத் திருப்பிச் சொல்கிறீர்கள். யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அதனால் இதை அந்தப் பட்டியலிலிருந்து பிரித்து எடுத்துத் தனியாக, உங்களுக்கு வேண்டிய ஓர் உதவியாகக் கேளுங்கள். ஏறக்குறைய இப்படி:

"அப்பா, ஒரு ஹெல்ப். ரூமுக்குப் போய் போனைச் சார்ஜ்ல போடும்போது எனக்கு 'வந்தாச்சு'ன்னு ஒரு வார்த்தை மட்டும் அனுப்பிடுங்க. நீங்க சமாளிச்சுக்குவீங்க, அது தெரியும். எனக்குத்தான் தூக்கம் வராது."

"மறந்துட்டேன்னா?"

"மறந்தா பரவாயில்லை. மறுநாள் உங்க ஊர் நேரம் காலை ஒன்பது மணி வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். அதுக்கப்புறம் ஒரே ஒரு மெசேஜ் போடுவேன், அவ்வளவுதான்."

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். அப்பா ஒன்று தருகிறார், பதிலுக்கு நீங்களும் ஒன்று தருகிறீர்கள்: அதுவரை நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று. அப்பா போன்றவர்கள் இதற்குத்தான் சம்மதிப்பார்கள். "கண்டிப்பா மறக்கக் கூடாது" என்று முடித்தால் அது உத்தரவு, அங்கேயே கதை முடிந்தது. எப்போதோ யாருக்கோ வழியில் நடந்த விபத்தை எல்லாம் இழுத்துப் பயமுறுத்தவும் வேண்டாம். போகிற சந்தோஷமும் கெடும், மெசேஜும் வராது.

அந்தக் காலை ஒன்பது மணி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். விமானம் அங்கே இரவு 9.40க்கு இறங்குகிறது, அந்த ஊர் உங்கள் ஊரைவிட நாலு மணி நேரம் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அப்போது நள்ளிரவு 1.40. விமானத்திலிருந்து இறங்கி, குடியேற்றச் சோதனை முடிந்து, பெட்டி வந்து, வெளியே வர ஒன்றரை மணி நேரம் என்று போடுங்கள். சில நாள் முக்கால் மணி நேரத்தில் முடியும், கூட்டம் இருந்தால் இரண்டைத் தாண்டும். ஆக 11.10. வண்டி பிடித்துத் தங்குமிடம் போக ஒரு மணி நேரம், 12.10. சாவி வாங்கி, மாடி ஏறி, பெட்டியை வைத்து உட்கார அரை மணி நேரம், 12.40. அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட இந்தக் கணக்குப்படி உங்கள் கடிகாரத்தில் விடிகாலை 4.40 வாக்கில்தான் அந்த மெசேஜ் வரும். நீங்களோ 1.40க்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மூன்று மணி நேரம் வீண் தவிப்பு, அதுவும் எதுவுமே தவறாத ஒரு நாளில்.

இன்னும் பாருங்கள். காலை ஏழு மணிக்கு எழுந்து மெசேஜ் வரவில்லையே என்று போன் போட்டால் அங்கே மணி மூன்று. அசந்து தூங்குகிற இரண்டு பேரை நடுராத்திரி எழுப்புகிறீர்கள். நடுராத்திரி வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் முதலில் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இரவு போய்ச் சேரும் பயணத்தில் எல்லை அவர்கள் விழித்து எழும் நேரமாக இருக்கட்டும்: அங்கே ஒன்பது, இங்கே மதியம் ஒன்று. பகலில் போய்ச் சேர்ந்தால் இவ்வளவு இடைவெளி வேண்டாம். அறைக்குப் போகும் கணக்கு நேரத்துக்கு மேல் மூன்று மணி நேரம் விட்டால் தாராளம். எந்த நேரத்தைச் சொன்னாலும் யாருடைய ஊர் நேரம் என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒரு ஒன்பதையும் அவர்கள் வேறொரு ஒன்பதையும் நினைத்துக்கொள்வீர்கள். விமானம் கிளம்பவே தாமதமானால் எல்லையையும் அவ்வளவு தள்ளிவையுங்கள். இதை மறந்துவிட்டுப் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டு பதறுகிறவர்கள் நிறைய.

இனி, மெசேஜ் அனுப்பியும் வராமல் போவது. இது மறதியைவிட மோசமானது, ஏனென்றால் அவர்கள் அனுப்பிவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் "வந்தாச்சு" என்று அடித்து அனுப்புகிற பொத்தானைத் தட்டியாயிற்று. நெட் இல்லாததால் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரச் சின்னம் நிற்கிறது. அதற்கு "இன்னும் போகவில்லை" என்று அர்த்தம். இது தெரியாதவர்கள் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே ஏரோபிளேன் மோடைப் போட்டு ஒரு மெசேஜ் அனுப்பவைத்து, அந்தக் கடிகாரத்தையும், மோடை எடுத்ததும் அது டிக்காக மாறுவதையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. பத்துத் தடவை வாயால் சொல்வதைவிட இது நிற்கும்.

நெட் ஏன் இருக்காது என்பதற்கும் வழக்கமான காரணங்கள் உண்டு. அவர்களுடைய சிம்மில் ரோமிங் கிளம்புவதற்கு முன்பே இயக்கப்பட்டிருக்காது. அங்கே போனபின் அதைச் சரிசெய்வது பெரிய தலைவலி. விமான நிலைய வைஃபை பல இடங்களில் போன் எண்ணைக் கேட்டு, அதற்கு ஒரு எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும். ரோமிங் வேலை செய்யாத போனில் அது வரவே வராது. அதனால் விமான நிலைய வைஃபையை நம்பாமல், தங்குமிட வைஃபை என்று பேசிவையுங்கள். அறைச் சாவி வாங்கும்போதே கடவுச்சொல்லையும் கேட்டு வாங்குவது என்று. மெசேஜைச் சார்ஜரோடு கட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்தான், அறையில் பெரும்பாலும் நெட் இருக்கும்.

நெட்டே இல்லை என்றால் எஸ்எம்எஸ். அதற்கு ரோமிங் மட்டும் வேலை செய்தால் போதும், டேட்டா வேண்டாம். கட்டணம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது: அவர்கள் போனில் உங்கள் எண் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் இல்லாமல் வெறும் எண்ணாகச் சேமிக்கப்பட்டிருந்தால், வேறு நாட்டிலிருந்து அது உங்களுக்கு வராமல் போகலாம். இன்றைக்கே அவர்கள் போனை வாங்கிப் பாருங்கள். அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கிப் போட்டுக்கொள்வதாக இருந்தால் இரண்டு விஷயம். எண்ணை மாற்ற வேண்டுமா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பழைய எண்ணிலேயே தொடரச் சொல்லுங்கள். புது சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பினால் கடைசியில் பேரைப் போடச் சொல்லுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வெறும் "வந்தாச்சு" வந்தால் யார் என்று நீங்கள் அடுத்த கவலையைத் தொடங்குவீர்கள்.

உங்கள் பக்கத்தில் டிக்குகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். விமானம் கிளம்பியபின் நீங்கள் "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று ஒரு வரி அனுப்பி வையுங்கள். பதில் தேவையில்லாத வரியாக இருக்கட்டும், கேள்விக்குறி கூடாது. பறக்கும் நேரம் முழுக்க அது ஒற்றை டிக்கில் நிற்கும், அது இயல்புதான். இறங்கியபின் எப்போதாவது இரட்டை டிக் ஆனால் போன் நெட்டைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நீலமானால் யாரோ எடுத்துப் பார்த்துவிட்டார்கள். நீல டிக் வந்துவிட்டு "வந்தாச்சு" வரவில்லை என்றால், உங்களுக்கு வேண்டிய செய்தி வந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்; பார்த்தும் பதில் போடவில்லையே என்று ஆரம்பிக்காதீர்கள். சிலர் அந்த நீல அறிவிப்பையே அணைத்து வைத்திருப்பார்கள், அவர்களிடம் அது எப்போதும் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். இன்னொன்று, அப்பாவின் வாட்ஸ்அப் வீட்டில் விட்டுப்போன கணினியிலும் இணைக்கப்பட்டிருந்தால் அந்தக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தாலும் இரட்டை டிக் விழலாம். டிக்கை வைத்து முடிவு செய்வதாக இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

இருக்கும் இடத்தையே போனில் பகிர்ந்துகொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம், கடைசி ஒரு மணி நேர வண்டிப் பயணத்துக்கு. வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவில் பகிரலாம். ஆனால் அதற்கும் நெட் வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அந்த நேரத்தில் பேட்டரிதான் அவர்களிடம் குறைவாக இருக்கும். அதைவிட, நாள் முழுக்க அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருந்தால் கேட்காமலே கண்காணிப்பதாகத்தான் ஆகும். உங்கள் அப்பா மாதிரி ஆளிடம் நான் இதை எடுக்கவே மாட்டேன். அவர்களாகக் கேட்டால் வைத்துக் கொடுங்கள்.

சரி, எல்லை நேரம் தாண்டிவிட்டது, ஒன்றும் வரவில்லை. முதலில் விமானம் இறங்கியதா, எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டிருந்தால்கூட அங்கேயே தெரிந்துவிடும், விடையும் கிடைத்துவிடும். இறங்கியிருந்தால் ஒரு மெசேஜ், சொன்னபடி ஒன்றே ஒன்று: "ஒண்ணும் அவசரம் இல்லை. போய்ச் சேர்ந்துட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்க." ஏன் போடவில்லை என்ற வார்த்தை அதில் எங்கும் வரக்கூடாது. அதன்பின் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒரு தடவை கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் இன்னொருவர் போனுக்கு ஒரு தடவை. அதற்கும் பதில் இல்லை என்றால் தங்குமிடத்தின் வரவேற்பு மேசைக்கோ, போய்த் தங்குகிற வீட்டுக்காரருக்கோ கூப்பிடுங்கள். இந்த எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே முன்பதிவுச் சீட்டைப் படம் எடுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். நடுராத்திரி தேடி எடுக்கிற விஷயம் இல்லை. தங்கியிருப்பவரைப் பற்றி எதுவும் சொல்லமாட்டோம் என்று சில இடங்களில் மறுப்பார்கள், அது அவர்கள் விதி, சண்டை போடாதீர்கள். பேரும் முன்பதிவு எண்ணும் சொல்லி "அறைக்கு இணைப்புக் கொடுங்கள்" அல்லது "வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டு வையுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

அறைக்கே வரவில்லை என்று அவர்கள் சொன்னால் மட்டும்தான் இது வேறு விஷயம். அப்போது எல்லை, நயம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு உடனே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் அந்த விமானத்தில் ஏறினார்களா, இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார்களா என்று கேளுங்கள். தனி ஆளுக்குப் பயணி விவரம் சொல்ல அவர்கள் தயங்கலாம். முன்பதிவு எண் கையில் இருந்தால் பேச்சு சுலபமாகும். வண்டி முன்பதிவு செய்திருந்தால் அந்த ஓட்டுநர் எண்ணும் இங்கே உதவும். அதற்கு மேலும் தடயம் இல்லை என்றால் அந்த ஊர்க் காவல் துறையும் உங்கள் நாட்டுத் தூதரகமும்தான். இவ்வளவு தூரம் போவது அபூர்வம்.

வரிசையாக இருபது தவறிய அழைப்புகள் வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு அழைப்பும் ஏற்கெனவே காய்ந்துபோன பேட்டரியைத் தின்கிறது, ரோமிங்கில் எடுத்துப் பேசினால் அவர்களுக்குக் காசும் போகலாம், காலையில் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கை நடுங்கும்.

மெசேஜ் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும், பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். அப்பா ஒழுங்காக "வந்தாச்சு" அனுப்புகிறார். ஐந்து நொடியில் உங்கள் போன் போகிறது. எப்படி இருந்துச்சு, சாப்பிட்டீங்களா, ரூம் நல்லா இருக்கா, அம்மா எங்கே, அம்மாகிட்ட குடுங்க. இருபது நிமிஷம். கால் வலி, கண் சொருகுகிறது, அவருக்கு அப்போது தேவை படுக்கை. ஒரு வார்த்தை அனுப்பினால் இருபது நிமிஷ விசாரணை வரும் என்று இரண்டு தடவை பட்டுவிட்டால் மூன்றாவது தடவை அவர் காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார், நானாக இருந்தாலும் அப்படித்தான். நீங்கள் அனுப்ப வேண்டிய பதில்: "சூப்பர்பா, நல்லா தூங்குங்க." அத்தோடு விட்டுவிடுங்கள். கதை கேட்க மறுநாள் இருக்கிறது, அவர்களாகவே கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் அரை மணி நேரம் ஆனாலும் கேளுங்கள்.

நடுவில் ஊர் ஊராக மாறிப் போகும் பயணமாக இருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் மெசேஜ் கேட்காதீர்கள். விமானம் மாறும் இடத்தில் கேட்கவே வேண்டாம். இருக்கிற நேரம் குறைவு, நெட் சந்தேகம், அடுத்த வாசலைத் தேடி ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஏறினார்களா என்று தெரியாது, அந்த விமானம் கிளம்பியதா என்று மட்டும்தான் உங்களால் பார்க்க முடியும், அது போதாதுதான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இணைப்பைத் தவறவிட்டால் மட்டும் சொல்லுங்கள் என்று பேசிவையுங்கள். தங்குகிற இடம் மாறும்போது மட்டும் அந்த ஒரு வார்த்தை. ஒரே இடத்தில் பத்து நாள் இருக்கப்போகிறார்கள் என்றால் முதல் நாளோடு சரி, மிச்ச நாளில் அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும்.

திரும்பி வரும் பயணத்துக்கும் இதே ஏற்பாடு தொடரும் என்று போகும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அப்போது இன்னொரு தடவை கேட்கும் வேலை மிச்சம். அடுத்து நீங்கள் எங்காவது போகும்போது, அறைக்குள் போனதும் அவர்கள் கேட்காமலே ஒரு "வந்தாச்சு" போடுங்கள். உங்கள் அப்பாவுக்கு இது இரண்டு பக்கமும் உள்ள வழக்கம் என்று ஆகிவிட்டால் "சின்னப் பிள்ளைங்களா" என்று கேட்க அவருக்கு இடமே இருக்காது.